போர்டு ரேட் கிராமுக்கு 290 ரூபாய் ஏறியும் ஏன் நட்டம்: ஏற்காட்டு மாமாவின் ஐந்து பவுன் காசுக் கணக்கு

2024 டிசம்பர் முதல் வாரம் ஒரு காலை மாமா ஏற்காட்டிலிருந்து இறங்கி நேராகச் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் நாளே லாக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த ஐந்து பவுன் காசுகள் பையில் இருந்தன. நாகலூர் பக்கம் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் இடையில் மிளகும் உண்டு. பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, வாரக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும், காசை விற்றுவிடலாம் என்று வந்திருந்தார்.

"மாப்ள, வாங்குனப்ப கிராம் 6,850. இன்னிக்கு போர்டுல 7,140. நாப்பது கிராமுக்கு பதினோராயிரத்து அறுநூறு லாபம் நிக்குது பாரு" என்றார்.

நான் வேலை பார்ப்பது கணக்குப் பிரிவில். பில் எங்கே மாமா என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது, மேலே, என்றார். சரி, நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள், காகிதத்தில் போடுவோம் என்று உட்கார்ந்தோம். அரை மணி நேரத்தில் அந்தப் பதினோராயிரத்து அறுநூறு லாபம் பதினாறாயிரத்துச் சொச்சம் நட்டமாக மாறிவிட்டது. அது எப்படி என்பதை அவருக்கு விளக்கியது போலவே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் காசு வாங்கி வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த எல்லாருமே மாமா போட்ட கணக்கைத்தான் போடுகிறார்கள்.

வாங்கிய கதை

சேர்த்து வைத்திருந்த காப்பிக்கு நல்ல விலை வந்ததால் 2024 ஜூலையில் மொத்தமாக விற்றார். பணம் கையில் இருந்தால் கரைந்துவிடும், பறிப்புக் கூலிக்கு இருக்கட்டும் என்று அதை அப்படியே தங்கமாக மாற்றினார். ஜூலை மூன்றாவது வாரம், கிராம் 6,850, 22 காரட், 916 ஹால்மார்க், எட்டு கிராம் காசு ஐந்து. அடுத்த வாரமே, 23ஆம் தேதி, மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள், ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. பாவம், அன்று இரவு எனக்கு போன் செய்து பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் டிசம்பரில் விலை மறுபடி ஏறி அவர் வாங்கிய ரேட்டைத் தாண்டியதும் அவ்வளவு நிம்மதி அவருக்கு. தப்பித்தோம் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் 6,850 என்பது அவர் கொடுத்த விலையே இல்லை. அது போர்டில் எழுதியிருந்த விலை. காசுக்குச் சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்த்து 3 சதவீதம் போட்டிருந்தார்கள். கிராம் 7,055.50 ஆகிவிட்டது. அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம். இந்த வரி வெறும் தங்கத்தின் மீது மட்டும் அல்ல, சேதாரமும் செய்கூலியும் சேர்ந்த தொகையின் மீது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக ஒரு கிராம் 7,267.17. நாற்பது கிராமுக்கு 2,90,687 ரூபாய். கடையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலேயே கிராமுக்கு 417 ரூபாய் போர்டு விலையை விட அதிகமாகக் கொடுத்திருக்கிறார். இந்த ஜிஎஸ்டி திரும்பி வராது. நம்மைப் போன்ற சாதாரண ஆள் பழைய தங்கத்தைக் கடைக்கு விற்கும்போது அந்த 3 சதவீதத்தைக் கடைக்காரர் நமக்குத் தருவதில்லை, தரவும் வழியில்லை.

அப்புறம் லாக்கர். மலையில் தனி வீடு, வீட்டில் வைக்கப் பயம், சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் இதற்கென்றே சிறிய லாக்கர் எடுத்தார். வருட வாடகை 2,000, பதிவுக் கட்டணம் ஒரு முறைக்கு 500, இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 2,950 ரூபாய். நாற்பது கிராமால் வகுத்தால் கிராமுக்கு 73.75. ஏற்கெனவே வேறு நகைக்காகவும் பத்திரத்துக்காகவும் லாக்கர் வைத்திருந்து அதில் இந்தக் காசையும் போட்டிருந்தால் நான் இந்தச் செலவைச் சேர்த்திருக்க மாட்டேன், அந்த வாடகை எப்படியும் போகிற பணம். இவர் காசுக்காகவே எடுத்ததால் முழுவதும் காசின் தலையில்தான் விழும்.

லாக்கர் வாடகைக்கு ஒரு குணம் உண்டு. தங்கம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை. ஐந்து காசுக்கும் 2,950, ஒரு காசுக்கும் 2,950. ஒரே ஒரு பவுன் காசு வாங்கி அதற்கென்று லாக்கர் எடுத்திருந்தால் கிராமுக்கு 369 ரூபாய், கிட்டத்தட்ட சேதாரமும் ஜிஎஸ்டியும் சேர்ந்த அளவுக்கு வந்துவிடும். சதவீதமாகவே யோசித்துப் பழகியவர்களுக்கு இந்த இடம் பிடிபடுவதில்லை, ஏனென்றால் இதைச் சதவீதமாக்க வேண்டுமானால் நம்மிடம் எத்தனை கிராம் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

விற்கும்போது நடப்பது

மாமா என்னிடம் வருவதற்கு முன்பே, முதல் நாள் லாக்கரைத் திறந்த கையோடு, கடைவீதியில் ஒரு கடையில் விசாரித்திருந்தார். அவர் வாங்கிய கடை அல்ல, வேறு கடை. "போர்டு ரேட்ல மூணு பர்சென்ட் கழிவு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து இப்படிப் போட்டேன்:

```
அசல் தேறும் போர்டு ரேட் = (கிராம் அடக்கம் + கிராமுக்கு லாக்கர்) ÷ (1 − கழிவு)
                      = (7,267.17 + 73.75) ÷ 0.97
                      = 7,568
```

அதாவது போர்டில் 7,568 இருந்தால்தான் மாமா போட்ட பணம் அப்படியே கைக்கு வரும். அன்றைக்கு இருந்தது 7,140. மூன்று சதவீதம் போனால் கைக்கு வருவது கிராமுக்கு 6,925.80, நாற்பது கிராமுக்கு 2,77,032. அவர் செலவழித்தது லாக்கரோடு 2,93,637. குறைவது 16,605 ரூபாய்.

கடைசியில் ஏன் 0.97ஆல் வகுக்கிறோம், 3 சதவீதத்தைக் கூட்டினால் போதாதா என்று மாமாவே கேட்டார், நல்ல கேள்வி. கழிவு நாம் வாங்கிய விலையில் கழிக்கப்படுவதில்லை, விற்கும் அன்றைய ரேட்டில் கழிக்கப்படுகிறது. நூறு ரூபாயில் மூன்று போனால் 97 வரும். நூறு கைக்கு வர வேண்டுமானால் 103 போதாது, 103ல் மூன்று சதவீதம் போனால் 99.91தான் நிற்கும். மூன்று சதவீதத்தில் இந்த வித்தியாசம் கிராமுக்கு ஏழு ரூபாய்தான், பெரிதில்லை. ஆனால் 3, 3, 3 என்று எல்லாவற்றையும் வெறுமனே கூட்டி, லாக்கருக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சேர்த்து, "பத்து சதவீதம் ஏறினால் போதும்" என்று போட்டால் 7,540 வருகிறது. உண்மையான கணக்கை விடக் கிராமுக்கு 28 ரூபாய் குறைவு, நாற்பது கிராமுக்கு ஆயிரத்துச் சொச்சம். பத்து சதவீதம் கழிக்கிற கடைக்குப் போனால் கூட்டல் கணக்கு ரொம்பவே ஏமாற்றிவிடும்.

இதே காசுக்குப் பதில் 12 சதவீதச் சேதாரத்தில் சங்கிலியாக வாங்கியிருந்தால் லாக்கர் இல்லாமலேயே அசல் தேறும் ரேட் 8,147 என்று வருகிறது, வாங்கிய ரேட்டை விட 19 சதவீதம் மேலே. போட்டு அனுபவிக்க வாங்குகிற நகைக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, ஆறு மாதத்தில் விற்கப்போகிற தங்கத்துக்குத் தேவை.

சரி, இதெல்லாம் கடைக்காரர் சொன்ன 3 சதவீதம் உண்மையிலேயே 3 சதவீதம் என்று நம்பிப் போட்டது. அந்தக் கடையில் காசை மெஷினில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். டச், அதாவது தங்கத்தின் சுத்தம், 91.3 சதவீதம் என்று காட்டியிருக்கிறது. ஹால்மார்க் காசில் 91.6 இருக்க வேண்டும். 91.3 என்று எடுத்துக்கொண்டால் நாற்பது கிராம் அவர்கள் கணக்கில் 39.87 கிராமாகச் சுருங்குகிறது, அதாவது சுமார் 935 ரூபாய். அதைக் கழித்துவிட்டு, மீதியில்தான் 3 சதவீதக் கழிவு. கடைசியாக அவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகை 2,76,100. மாமா அந்தத் தொகையைப் பார்த்தாரே தவிர அது எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்ப்பது சுலபம். பில்லில் உள்ள எடையை அன்றைய போர்டு ரேட்டால் பெருக்கினால் 2,85,600. கையில் தருவதாகச் சொன்ன 2,76,100ஐ அதால் வகுத்தால் 0.9667. ஆக உண்மையான கழிவு 3.3 சதவீதம். வாயால் சொல்கிற சதவீதத்தை விட்டுவிட்டு, "எல்லாம் போக கைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு இந்த வகுத்தலைப் போட்டால் எந்த இரண்டு கடையையும் ஒப்பிட்டுவிடலாம், ஒருவர் எடையில் கழிக்கிறாரா டச்சில் கழிக்கிறாரா ரேட்டில் கழிக்கிறாரா என்று குழம்பவே வேண்டாம். மெஷின் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கிறது, அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் புள்ளி மூன்று அளவுக்கு மாறுவது சாதாரணம், துடைத்துவிட்டு வேறு இடத்தில் வைத்து இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம், கேட்பதில் தப்பில்லை.

வாங்கிய கடைக்கே போனது

நான் சொன்னது ஒன்றுதான். வாங்கிய கடையில் கேட்காமல் எங்கேயும் விற்க வேண்டாம். அதற்கு பில் வேண்டும். மாமா அன்றே மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் மறுநாள் பில்லோடு இறங்கினார். அந்தக் கடையில் பில்லைப் பார்த்து, காசில் இருந்த ஹால்மார்க் எண்ணைச் சரிபார்த்து, எடை போட்டு, டச் கழிக்காமல் 916க்கே எடுத்துக்கொள்கிறோம், கழிவு 2 சதவீதம் என்றார்கள்.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். 0.97க்குப் பதில் 0.98ஆல் வகுத்தால் அசல் தேறும் ரேட் 7,568லிருந்து 7,491க்கு இறங்குகிறது. கிராமுக்கு 77 ரூபாய். ஒரு வருட லாக்கர் வாடகை ஜிஎஸ்டியோடு கிராமுக்கு 59 ரூபாய்தான். அதாவது கழிவில் ஒரு சதவீதம் குறைத்து வாங்குவது ஒரு வருடத்துக்கு மேல் லாக்கரை இலவசமாக வைத்திருப்பதற்குச் சமம். மாமா ஐந்து மாதமாக லாக்கர் வாடகையைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருந்தார், கழிவைப் பற்றி வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனாலும் 7,140 என்பது 7,491க்குக் கீழேதான். விற்றால் நட்டம். விற்காமல் அடகு வைக்கலாமா என்றும் பார்த்தோம், நகைக்கடையில் வாங்கிய காசுக்கு நகைக்கடன் கொடுப்பதில்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கூலி நிற்காது. கடைசியில் தேவைக்கு மட்டும் இரண்டு காசு விற்பது என்று முடிவானது. 16 கிராம், 2 சதவீதம் போக கிராமுக்கு 6,997.20, வங்கிக் கணக்கில் வந்தது 1,11,955 ரூபாய். இந்த இரண்டு காசில் மட்டும் கிராமுக்கு 344 ரூபாய் வீதம் 5,500 ரூபாய் போனது.

இப்போது மீதி மூன்று காசுக்கு அசல் தேறும் ரேட் எவ்வளவு? இங்கேதான் இரண்டு வெவ்வேறு கேள்விகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். மூன்று காசை மட்டும் தனியாகப் பார்த்தால் அதே 7,491தான். மொத்த முதலீட்டையும் மீட்க வேண்டும் என்றால், செலவான 2,93,637ல் வந்த 1,11,955 போக மீதி 1,81,682ஐ இந்த 24 கிராமிலிருந்து எடுக்க வேண்டும். கிராமுக்கு 7,570, அதை 0.98ஆல் வகுத்தால் 7,725. மாமா கேட்டது இரண்டாவது கேள்வி, அதனால் 7,725ஐ பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்றும் எழுதினேன். அடுத்த ஜூலை வரை வைத்திருந்தால் லாக்கருக்கு இன்னொரு 2,360 கட்ட வேண்டும், இப்போது அது 24 கிராமின் மேல் விழும், கிராமுக்கு 98 ரூபாய். 7,725 என்பது அன்று முதல் 7,825 ஆகிவிடும். தங்கம் குறையக் குறைய ஒவ்வொரு கிராமும் சுமக்கிற வாடகை கூடுகிறது. பாதி விற்றுவிட்டுப் பாதியை அதே லாக்கரில் வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று லட்சத்தை 7 சதவீதத்தில் டெபாசிட்டில் போட்டிருந்தால் வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் வந்திருக்கும். போட்ட பணம் திரும்புமா என்பதற்கு அது வேண்டாம், தங்கத்தில் போட்டது சரியா என்று கேட்டால் வேண்டும். மாமாவுக்கு அன்றைக்கு முதல் கேள்விதான் இருந்தது.

2025 பிப்ரவரி முதல் வாரம் ரேட் 7,725ஐத் தாண்டியது. 7,900ல் மீதி மூன்று காசையும் அதே கடையில் கொடுத்தார். 2 சதவீதம் போக கிராமுக்கு 7,742, 24 கிராமுக்கு 1,85,808. முன்பு வந்ததோடு சேர்த்து 2,97,763. செலவு 2,93,637. மிஞ்சியது 4,126 ரூபாய். போர்டு ரேட் ஜூலையிலிருந்து 15 சதவீதம் ஏறியிருந்தது.

வருமான வரிக்கு அந்த 4,126ஐ எழுத முடியாது. லாக்கர் வாடகையை வாங்கிய விலையோடு சேர்க்க இடமில்லை, அதனால் பில் தொகையை மட்டும் கழித்து 7,076 ரூபாய் லாபம் என்று காட்ட வேண்டும். வாங்கி 24 மாதம் ஆகாததால் அது குறுகிய கால லாபம், அவருடைய மற்ற வருமானத்தோடு சேரும். அசல் தேறும் ரேட்டில் சரியாக விற்றாலும் லாக்கர் செலவின் அளவுக்கு ஒரு சின்ன லாபம் வரிக் கணக்கில் நிற்கும், இது பலருக்குத் தெரியாத விஷயம்.

காசு போனதும் லாக்கரையும் ஒப்படைக்கச் சொன்னேன். முன்கூட்டிக் கட்டிய வாடகையில் மீதி மாதங்களுக்கு உரியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மீதி ஐந்து மாதத்துக்கு 833 ரூபாய் கணக்கில் ஏறியது, பதிவுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் வரவில்லை. ஆக மிஞ்சியது 4,959.

அந்த வருடக் காப்பியை விற்று மறுபடி காசு வாங்கப் போனபோது கடையில் அவர் முதலில் கேட்டது, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள், பில்லில் எழுதித் தருவீர்களா என்று. எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்தே எனக்கு போன் செய்து, சேதாரம் இவ்வளவு, கழிவு இவ்வளவு, எட்டு காசு, லாக்கர் வேண்டாம், உன் அத்தையோட லாக்கர்லயே வச்சுக்கலாம், ரேட்டைப் போட்டுச் சொல்லு மாப்ள என்றார். கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன், பில்லின் பின்பக்கம் அவரே எழுதிக்கொண்டார்.